ஸ்டெப்-அப் வீட்டுக் கடனில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

ஸ்டெப்-அப் கடனில் தவணை குறைவாகத் தொடங்கி, சம்பளம் உயரும் என்ற கணக்கில் பின்னால் ஏறிக்கொண்டே போகும். முதல் தவணை குறைவு என்று பார்த்ததுமே சரி சொல்லிவிடாதீர்கள், கடன் தொகையை வட்டி விகிதத்தால் பெருக்கி 1200-ஆல் வகுத்தால் முதல் மாத வட்டி வந்துவிடும், அதைத் தவணையோடு வைத்துப் பாருங்கள். 30 லட்சத்துக்கு 9% என்றால் வட்டி மட்டுமே 22,500. தவணை 23,000 என்றால் அசலில் கழிவது வெறும் 500 ரூபாய்தான்! அசல் அப்படியே நிற்பதால்தான் மொத்த வட்டி ஏறுகிறது.

அதற்குப் பதில் 30 வருட சாதாரணக் கடன் எடுத்தால் தவணை சுமார் 24,140, அப்புறம் சம்பளம் உயர உயர நீங்களாகவே கூடுதலாகக் கட்டலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது.

நிலையான வட்டிக் கடன் என்றால் அபராதம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எதிர்காலச் சம்பளத்தைக் கணக்கில் எடுத்தால்தான் தேவையான தொகை கிடைக்கும் என்றால் ஸ்டெப்-அப்தான் வழி.