தூண் வரிசையைப் படமெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குச் செல்பவர்களில் படம் எடுக்காமல் திரும்புவோர் மிகக் குறைவு. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த அரண்மனையில், திறந்த முற்றத்தைச் சுற்றிப் பருத்த தூண்கள் அணிவகுத்து நிற்கின்றன. அவற்றின் மேல் வேலைப்பாடு மிகுந்த வளைவுகள், கீழே தூண்களின் நிழல் விழும் நீண்ட தாழ்வாரம். நல்ல படத்துக்கு வேண்டியவை எனச் சொல்லப்படும் சட்டகம், வழிகாட்டும் கோடுகள், ஆழம், ஒளி ஆகிய நான்கும் அங்கே தயாராகவே இருக்கின்றன. இருந்தும் அங்கு எடுக்கப்படும் படங்களில் பல, தூண்கள் நிறைந்த ஒரு பதிவாக மட்டுமே நின்றுவிடுகின்றன. அந்த நான்கையும் தனித்தனி விதிகளாக நினைத்து, எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணிக்க முயல்வதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. உண்மையில் அவை நான்கும் ஒரே முடிவைச் சார்ந்தவை: கேமரா எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்த நேரத்தில் நிற்கிறது என்பதே அந்த முடிவு.

முதல் தவறு, கோடுகளைக் கண்டவுடன் படம் கிடைத்துவிட்டதாக எண்ணுவது. தாழ்வாரத்தின் ஒரு முனையில் நின்று பார்த்தால், தூண்களின் அடிப்பகுதிகளும் தரையின் விளிம்பும் கூரையின் விளிம்பும் தொலைவில் ஒரு புள்ளியை நோக்கிக் குவிகின்றன. பார்ப்பவரின் கண் அந்தக் கோடுகளைப் பின்தொடர்ந்து அந்தப் புள்ளிக்கே போகும். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால், அல்லது ஓர் அறிவிப்புப் பலகை இருந்தால், கண் ஏமாற்றத்துடன் படத்தைவிட்டு வெளியேறிவிடும். ஆகவே கோடுகள் குவியும் இடத்திலோ, அங்கு செல்லும் வழியிலோ பார்க்கத் தகுந்த ஒன்று இருக்க வேண்டும். அதற்காக ஒருவரைத் தாழ்வாரத்தின் கடைக்கோடியில் நிறுத்துவது அடுத்த பிழை. அவ்வளவு தொலைவில் அவர் எறும்பளவே தெரிவார். மூன்றாவது அல்லது நான்காவது தூணருகே அவர் நிற்கட்டும். கோடுகள் அவரைக் கடந்து சென்றாலும் பரவாயில்லை, கண் முதலில் அவரிடம் நின்றுவிட்டுத்தான் மேலே செல்லும்.

இரண்டாவது தவறு ஜூமைப் பற்றியது; நான்கிலும் அதிக விளைவு உடையது இதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம். நடந்து நெருங்குவதும் ஜூம் செய்து நெருங்குவதும் ஒன்றே எனப் பலர் நினைக்கின்றனர். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நீங்கள் படமெடுக்கும் நபருக்கு 8 மீட்டர் பின்னால் ஒரு தூண் இருக்கிறது. நீங்கள் அவரிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நின்று, பெரும்பாலான கைபேசிகளின் முதன்மை லென்ஸுக்கு நிகரான 24 மி.மீ. குவியத்தூரத்தில் எடுக்கிறீர்கள். அப்போது தூண் உங்களிடமிருந்து 10 மீட்டரில், அதாவது அந்த நபரைவிட ஐந்து மடங்கு தொலைவில் இருக்கிறது. இப்போது 10 மீட்டருக்குப் பின்வாங்கி, ஐந்து மடங்கு ஜூம் செய்து 120 மி.மீ.க்குச் சென்றால், அந்த நபர் படத்தில் முன்பிருந்த அதே அளவில்தான் தெரிவார். ஆனால் தூண் 18 மீட்டரில், அவரைவிட இரண்டு மடங்குக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. ஆகவே அது முதல் படத்தில் இருந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். முதல் படத்தில் தாழ்வாரம் விரைவாகச் சுருங்கிச் சென்று ஆழத்தைக் காட்டும்; இரண்டாவதில் தூண்கள் அவருக்குப் பின்னால் சுவர்போல நெருங்கி நிற்கும். இரண்டும் பயனுள்ளவையே. வாசலிலேயே நின்று ஜூம் செய்துவிட்டு, படத்தில் ஆழம் இல்லையே என வருந்துவதுதான் பிழை. ஆழம் வேண்டுமெனில் உள்ளே நடந்து சென்று, ஜூம் இன்றி எடுக்க வேண்டும். தூணின் பிரம்மாண்டம் வேண்டுமெனில் பின்வாங்கி ஜூம் செய்ய வேண்டும்.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்னணியை மங்கலாக்குவதே ஆழம் எனக் கருதி, கைபேசியின் போர்ட்ரெய்ட் மோடை இங்கே பயன்படுத்துவோர் உண்டு. படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் தூண்கள்தான் இந்த இடத்தில் ஆழத்தை உணர்த்துகின்றன. அவற்றைக் கரைத்துவிட்டால் அந்த அளவுகோலே படத்திலிருந்து போய்விடுகிறது. தூண்களைத் தெளிவாகவே விட்டுவிட்டு, நிற்பவரின் தலை எந்தத் தூணின் விளிம்போடும் ஒட்டாதபடி கேமராவை அரையடி இடமோ வலமோ நகர்த்தினால், அவர் பின்னணியிலிருந்து தானாகவே பிரிந்து தெரிவார்.

சட்டகத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வளைவின் உச்சியைக் காட்டும் ஆவலில் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் உட்பக்கமாகச் சரிந்து விழுவதுபோல் தோன்றும். கேமராவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பின்வாங்குவதே சரியான வழி; திரையில் கட்டக் கோடுகளை இயக்கி வைத்தால் சரிவு உடனே தெரியும். வளைவைச் சட்டகமாக்கும்போது அதன் இரு கால்களும் முழுமையாகத் தெரிய வேண்டும், அல்லது துணிந்து ஒன்றை விட்டுவிட வேண்டும். விரற்கடை அளவு மட்டும் வெட்டுப்பட்ட கால் கவனக்குறைவாகவே தெரியும்.

இனி ஒளி. மற்ற மூன்றையும் சரியாகச் செய்தவர்களும் இங்கே தடுமாறுவதுண்டு. படத்தில் மிகவும் வெளிச்சமான இடத்துக்கே கண் முதலில் செல்லும். தாழ்வாரத்தின் நிழலில் ஆளை நிறுத்திவிட்டு, வெயில் கொளுத்தும் முற்றத்தையும் படத்தில் சேர்த்தால், கோடுகள் ஆளை நோக்கிச் செல்ல, வெளிச்சம் கண்ணை முற்றத்துக்கு இழுக்கும். அதோடு, இருண்ட தூண்களைக் கண்டு கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டுவதால் முற்றம் வெளுத்து, அதில் எந்த விவரமும் மிஞ்சாது. பின்னர் திருத்தும்போதும் அதை மீட்க முடியாது. தூண்களுக்கு இடையே வெயில் பட்டையாக உள்ளே விழும் இடத்தைத் தேடி ஆளை அங்கே நிறுத்தி, அவர் முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் தூண்கள் அவரைச் சுற்றி இருண்ட சட்டகமாக மாறும். தரையிலும் வெளிர்ச் சுவரிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தின் நிழல் பக்கத்தையும் ஓரளவு நிரப்பிவிடும்.

அந்த வெயில் எல்லா நாளும் உள்ளே விழாது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதி வாரத்திலும் மதுரையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், அப்போது தாழ்வாரத்துக்குள் நேர்வெயில் அநேகமாக நுழையாது. மாறாக மார்கழி, தை மாதங்களில் நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்தே இருப்பதால், முற்றத்தின் வடபுறத்தில் தெற்கு நோக்கித் திறந்திருக்கும் தாழ்வாரத்துக்குள் தூண்களின் நிழலும் வெயிலும் மாறி மாறி விழும். கோடையில் செல்வோர் நண்பகலைத் தவிர்த்து, காலையில் மேற்குப் பக்கத்தையும் மாலையில் கிழக்குப் பக்கத்தையும் பார்க்கலாம்.

எடுத்த படத்தை அங்கேயே சோதிக்க ஒரு வழி உண்டு. அதைக் கேலரியில் சிறு கட்டமாகச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவில் முகமோ வேலைப்பாடோ தெரியாது; வெளிச்சத் திட்டுகளும் இருண்ட திட்டுகளும் மட்டுமே எஞ்சும். கண் முதலில் போய் நிற்கும் திட்டு நீங்கள் காட்ட நினைத்த ஆளாக இல்லாவிட்டால், திருத்தும் செயலியைத் திறக்காமல் இரண்டு அடி நகர்ந்து மீண்டும் எடுங்கள்.