பின்சக்கர டிரம் பிரேக்: பெடல் உயரத்தையும் ஃப்ரீ ப்ளேயையும் வீட்டிலேயே சரிசெய்யும் முறை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அன்றாடம் நூறு சிசி வண்டியில் ஏறி இறங்குகிறவர்கள் பலர் உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அடிவாரத்துக்கு வந்து சேரும்போது, அந்த வண்டிகளின் பின்சக்கர டிரம் நன்றாகவே சூடேறியிருக்கும். சமதளத்தில் பெரிதாகத் தெரியாத பிரேக் கோளாறுகள் இந்த இறக்கத்தில்தான் வெளிப்படுகின்றன. இதுவரை ஸ்பேனரைக் கையில் எடுக்காதவரும் செய்யக்கூடிய பெடல் உயரச் சரிசெய்தலையும் ஃப்ரீ ப்ளே சரிசெய்தலையும் இங்கே விளக்குகிறேன். டிரம்மைத் திறக்க வேண்டிய வேலை எதுவும் இதில் இல்லை.

ஃப்ரீ ப்ளே என்பது என்ன?

பிரேக் பெடலை மெதுவாக அழுத்தும்போது, எந்த எதிர்ப்பும் இல்லாமல் அது சிறிது தூரம் இறங்கி, பிறகு ஓரிடத்தில் கனமாகும். பெடலின் நுனியில் அளந்தால் வரும் அந்தத் தூரமே ஃப்ரீ ப்ளே. டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூக்கள் டிரம்மைத் தொடாமல் விலகி நிற்க இந்த இடைவெளி தேவை. பெரும்பாலான சிறிய வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை சரியான அளவு. உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அளவு குறைந்தால் ஷூக்கள் எப்போதும் உரசி, டிரம் சூடாகி, மைலேஜும் குறையும். கூடினால், பிரேக் பிடிப்பதற்குள் பெடல் பாதித் தூரம் இறங்கிவிடும்.

எதை முதலில் செய்ய வேண்டும்?

வரிசை இந்த வேலையில் மிக முக்கியம். செயின் தளர்ந்திருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். செயினை இறுக்கும்போது பின்சக்கரம் பின்னோக்கி நகர்கிறது; பெடலைப் பின்சக்கரப் பிரேக்கோடு இணைக்கும் பிரேக் ராடின் நீளமோ மாறுவதில்லை; ஆகவே ராடு, டிரம் மூடியில் வெளியே தெரியும் நெம்புகோலான பிரேக் ஆர்மை முன்னோக்கி இழுத்து, ஃப்ரீ ப்ளேயைத் தானாகவே குறைத்துவிடும். ‘செயின் டைட் வைத்த பிறகு வண்டி இழுக்கவில்லை’ என்று சொல்லப்படும் குறைகளில் கணிசமானவற்றுக்கு இதுவே காரணம். செயினுக்குப் பிறகு பெடல் உயரம், அதன் பிறகு ஃப்ரீ ப்ளே, கடைசியாகப் பிரேக் லைட் சுவிட்ச்.

அதைவிட முக்கியமான ஒன்று, டிரம் முழுமையாக ஆறியிருக்க வேண்டும் என்பது. சூட்டில் டிரம் விரிவதால் ஷூக்களுக்கும் அதற்கும் இடையிலான இடைவெளி கூடி, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். மலையிறங்கி வந்ததும் அதைக் கண்டு பயந்து, அடிவாரத்தில் உள்ள கொண்டப்பநாயக்கன்பட்டியிலேயே பிரேக் ராடின் நட்டை இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. இரவில் டிரம் ஆறிச் சுருங்கியதும், மறுநாள் காலை வண்டியைத் தள்ளவே சிரமமாக இருக்கும். எனவே இந்த வேலைக்கு, வண்டியை எடுக்கும் முன் உள்ள காலை நேரமே ஏற்றது.

ஒரு வண்டியில் செய்து பார்ப்போம்

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்குப் பார்க்கும் என் சித்தப்பாவின் நூறு சிசி வண்டியை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய குறை இதுதான்: “கண்ணு, பிரேக் பிடிக்கணும்னா ஒவ்வொரு தடவையும் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருக்குது. இறக்கத்துல முழங்கால் வலிச்சுப் போகுது.” அதாவது பெடல் ஃபுட்ரெஸ்ட்டைவிட மிக உயரத்தில் நின்றது. குதிகால் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றியிருக்கும்போதே பாதத்தின் முன்பகுதி பெடலுக்கு மேல் இயல்பாக நிற்க வேண்டும். காலைத் தூக்கவும் கூடாது, நுனிவிரலை வளைத்துத் தேடவும் கூடாது. வழக்கமாக ஓட்டும்போது அணியும் செருப்பையோ ஷூவையோ அணிந்துகொண்டுதான் இதைப் பார்க்க வேண்டும்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்தோம். பெடலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, பெடலின் நுனி எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்தோம். பிறகு பெடலைக் கையால் அழுத்தினோம். காலால் அழுத்தினால் எதிர்ப்பு தொடங்கும் இடம் தெரியாது. கைக்கு அது தெளிவாகத் தெரியும். கனமான இடத்தில் நிறுத்தி மீண்டும் அளந்தபோது, வித்தியாசம் 18 மில்லிமீட்டர்.

அடுத்தது பெடல் உயரம். பெடலின் அச்சுக்கு அருகில், பெடல் தன் நிலைக்குத் திரும்பி வந்து முட்டும் இடத்தில் ஒரு ஸ்டாப்பர் போல்ட்டும், அதைப் பூட்டி வைக்கும் லாக் நட்டும் இருக்கும். எல்லா வண்டிகளிலும் இது இருக்காது. சிலவற்றில் பெடல் சேஸிஸில் பற்றவைத்த ஒரு தகட்டில்தான் முட்டி நிற்கும். அவற்றில் உயரத்தை மாற்ற வழியில்லை. அத்தகைய வண்டியில் பெடல் உயரம் திடீரென மாறியிருந்தால், வண்டி விழுந்து பெடல் வளைந்திருக்கலாம். பின்னால் உள்ள ராடு நட்டைத் தளர்த்தினால் பெடல் கீழே வரும் என்று நினைக்க வேண்டாம். அந்த நட்டு பிடிப்பு தொடங்கும் இடத்தைத்தான் மாற்றும், பெடல் ஓய்வாக நிற்கும் இடத்தை மாற்றாது.

சித்தப்பாவின் வண்டியில் ஸ்டாப்பர் போல்ட் இருந்தது. லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டைச் சிறிது திருப்பி, பெடல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டு, பெடலை 10 மில்லிமீட்டர் தாழ்த்தினோம். பிறகு போல்ட் திரும்பாதபடி ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கினோம். இந்த இடத்தில் புதியவர்களைக் குழப்பும் இரண்டு விஷயங்கள் நடந்தன. முதலாவது, ஃப்ரீ ப்ளே 18-இலிருந்து 8 மில்லிமீட்டராகக் குறைந்தது. பெடல் ஏற்கெனவே 10 மில்லிமீட்டர் அழுத்திய நிலையில் நிற்கிறது என்பதால் இது இயல்பு. இரண்டாவது, சாவியைப் போட்டவுடன் பெடலைத் தொடாமலேயே பின்விளக்கில் பிரேக் லைட் எரிந்தது. பெடல் தாழ்ந்ததால் சுவிட்ச்சை இழுக்கும் ஸ்பிரிங்கும் நீண்டிருந்தது. எதுவும் கெட்டுவிடவில்லை, உயரத்தை முதலில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இனி ஃப்ரீ ப்ளே. பின்சக்கரத்தின் வலப்பக்கம், பிரேக் ராடின் கடைசியில் அட்ஜஸ்ட் நட் இருக்கும். பல சிறிய வண்டிகளில் இதற்கு 14-ஆம் நம்பர் ஸ்பேனர் பொருந்தும். வண்டியின் பின்னால் உட்கார்ந்து பார்க்கும்போது, வலமாகத் திருப்பினால் ஃப்ரீ ப்ளே குறையும், இடமாகத் திருப்பினால் கூடும். பிரேக் ஆர்மைக் கையால் முன்னோக்கித் தள்ளிப் பிடித்தால் நட்டு இலகுவாகத் திரும்பும். நட்டின் முகத்தில் அரைவட்டமான ஒரு பள்ளம் இருப்பதைக் கவனியுங்கள். அது ஆர்மில் உள்ள உருளைப் பின்னின்மேல் சரியாக உட்கார வேண்டும். பள்ளம் குறுக்கே நின்றால் இப்போது அளவு சரியாகத் தெரியும்; முதல் பலமான பிரேக்கில் நட்டு நழுவிப் பள்ளத்தில் விழுந்து, ஃப்ரீ ப்ளே கூடிவிடும். எனவே எப்போதும் அரைச் சுற்று அரைச் சுற்றாகவே திருப்புங்கள்.

அந்த வண்டியில் அரைச் சுற்றுக்குப் பெடல் நுனியில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மாறியது. நமக்கு 8-இலிருந்து 25-க்கு அருகில் போக வேண்டும். நான்கு முழுச் சுற்று இடமாகத் திருப்பியதில் 24 மில்லிமீட்டர் வந்தது, அதுவே போதும். உங்கள் வண்டியில் இந்தக் கணக்கு மாறும் என்பதால், முதல் அரைச் சுற்றுக்குப் பின் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்பும் பெடலை இரண்டு மூன்று தடவை அழுத்தி விட வேண்டும். அப்போதுதான் ஷூக்கள் தம் இடத்தில் அமரும். பிறகு இருவரை வண்டியில் உட்காரவைத்து மீண்டும் பாருங்கள். பாரத்தில் ஷாக் அப்சார்பர் இறங்கும்போது பல வண்டிகளில் ஃப்ரீ ப்ளே சற்று மாறும். அப்போதும் கையேட்டு எல்லைக்குள் இருந்தால் சரி.

பிரேக் லைட் சுவிட்சைச் சரிசெய்யும்போது சுவிட்ச்சின் உடலை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள நட்டை மட்டும் திருப்புங்கள். உடலைத் திருப்பினால் வயர் முறுக்கி அறுந்துவிடும். சுவிட்ச் மேலேறினால் விளக்கு சீக்கிரம் எரியும், கீழிறங்கினால் தாமதமாக எரியும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன் விளக்கு எரிவதே சரியான நிலை.

சரியாக வந்ததா என்று பார்ப்பது

சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் ‘சர்’ என்று மெல்லிய உரசல் கேட்டால் அது பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை. சுற்று முழுவதும் உரசினால் இன்னும் அரைச் சுற்று தளர்த்துங்கள். பெடலை விட்டும் அது மேலே வரத் தயங்கினால், நட்டால் அதைத் தீர்க்க முடியாது. பெடல் அச்சிலோ டிரம் மூடியில் உள்ள, ஷூக்களை விரிக்கும் கேம் தண்டிலோ துரு ஏறியிருக்கும், அல்லது திரும்பும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஏற்காட்டு மழையில் நிற்கும் வண்டிகளில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

இன்னொரு சோதனையை யாரும் விட்டுவிடக் கூடாது. பெடலை ஒருவர் முழுவதும் அழுத்திப் பிடிக்க, ஆர்முக்கு அருகில் உள்ள அம்புக்குறி டிரம் மூடியில் இருக்கும் அடையாளத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டுவிட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. நட்டை இறுக்குவதில் பயனில்லை, ஷூவை மாற்ற வேண்டும். சிலர் ஆர்மைக் கழற்றி, கேம் தண்டில் ஒரு பல் தள்ளிப் பொருத்தித் தருவார்கள். பெடல் அப்போதைக்கு நன்றாக நிற்கும். தேய்ந்த ஷூ தேய்ந்ததாகவே இருக்கும், அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமும் பொய்யாகிவிடும். மலைப்பாதையில் போகும் வண்டிக்கு இதைச் செய்ய விடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், முதலில் நெரிசல் இல்லாத சமதளத் தெருவில் மெதுவாக ஓட்டி, பின்பிரேக்கை மட்டும் சில தடவை பிடித்துப் பாருங்கள். பிறகு ஒரு கிலோமீட்டர் தூரம் பின்பிரேக்கைத் தொடாமல் ஓட்டி, நிறுத்தியதும் புறங்கையை ஹப்புக்கு அருகில் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். அனல் அடித்தால் ஷூ உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஏப்ரல் 2019-க்குப் பின் விற்பனையான 125 சிசி வரையிலான வண்டிகள் பெரும்பாலும் சிபிஎஸ் எனப்படும் இணைப்புப் பிரேக்குடன் வருகின்றன. அவற்றில் பின்பெடலை அழுத்தும்போது முன்பிரேக்கும் ஒரு கேபிள் வழியாகச் சேர்ந்து இயங்கும். மேலே சொன்ன ராடு நட்டை அவற்றிலும் கையேட்டு அளவுப்படி நீங்களே திருப்பலாம். அந்த இணைப்புக் கேபிளின் அட்ஜஸ்டரை மட்டும் தொடாமல், சர்வீஸ் சென்டரில் விட்டுவிடுங்கள்.