“70% வரை தள்ளுபடி” என்ற செய்தியைத் திருத்தி எழுதிய விதம்

என் மைத்துனரின் ஜவுளிக்கடைக்குப் பண்டிகைக் கால வாட்ஸ்அப் செய்திகளை எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. சென்ற ஆண்டு தீபாவளிக்கு நாங்கள் முதலில் அனுப்பிய செய்தி இது:

“தீபாவளி அதிரடி!!! சேலைகளுக்கு 70% வரை தள்ளுபடி! ஊரிலேயே குறைந்த விலை! 1 சட்டை வாங்கினால் 1 இலவசம்! முந்துங்கள்! நிபந்தனைகளுக்கு உட்பட்டது.”

இதை நம்பிப் பக்கத்து ஊரிலிருந்து பேருந்து ஏறி வந்த ஒரு அம்மா, பட்டுச்சேலைக்குத் தள்ளுபடியே இல்லை என்று தெரிந்ததும், “அப்படியென்றால் அதை முதலிலேயே எழுதியிருக்கலாமே” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அன்று இரவே செய்தியைத் திருத்த உட்கார்ந்தேன்.

முதல் படியாக, வாசகத்தை ஒதுக்கிவிட்டு இருப்புப் பதிவேட்டைத் திறந்து, எந்தச் சரக்கு எத்தனை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் உண்மையில் எவ்வளவு குறைக்கிறோம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இதற்குக் கைபேசிச் செயலிகளைவிடக் கோடு போட்ட நோட்டையே நான் விரும்புகிறேன், ஏனெனில் கல்லாவில் இருப்பவரும் அதைப் பார்த்துத் திருத்த முடியும். எங்கள் கடையிலிருந்த 320 சேலைகளில் 70% குறைப்பு பழைய ஃபேன்சி சேலைகள் 12-க்கு மட்டுமே இருந்தது. 180 காட்டன் சேலைகளுக்கு “50%” என்று சீட்டு ஒட்டியிருந்தோம். மீதமிருந்த 128 பட்டுச்சேலைகளுக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த படியில்தான் நான் தடுக்கி விழுந்தேன். காட்டன் சேலையின் அட்டையில் அதிகபட்ச சில்லறை விலை ரூ.1,500 என்று இருந்ததால், ரூ.750 என்பது சரிபாதி என்றே நானும் நினைத்தேன். ஆனால் பழைய பில் புத்தகத்தைப் புரட்டியபோது, ஆண்டு முழுவதும் அதே சேலையை ரூ.1,050-க்குத்தான் விற்றிருக்கிறோம் என்று தெரிந்தது. அப்படியானால் உண்மையான குறைப்பு ரூ.300, அதாவது ஏறத்தாழ 29%. அட்டை விலையிலிருந்து கணக்கிட்டால் கூட்டல் கழித்தலில் பிழை வராது, ஆனாலும் யாரும் கொடுத்திராத விலையிலிருந்து குறைத்ததாகச் சொல்வது வாங்குபவரை ஏமாற்றுவதே. எனவே சதவீதத்தையே நீக்கிவிட்டு, முன்பு விற்ற விலையையும் இப்போதைய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். உங்கள் கடையில் பழைய பில் கிடைக்கவில்லை என்றால், இப்போதைய விலையை மட்டும் எழுதுங்கள்.

“இலவசம்” என்ற சொல்லையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ரூ.600 சட்டையின் விலைச்சீட்டை ரூ.800 ஆக்கிவிட்டு ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று எழுதியிருந்தோம். அந்தக் கூடுதல் ரூ.200 இரண்டாவது சட்டைக்கான விலைதானே! 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களும், பொருளைப் பெற்றுக்கொள்ளவோ வீட்டில் கொண்டுவந்து சேர்க்கவோ ஆகும் தவிர்க்க முடியாத செலவைத் தவிர வேறு பணம் வாங்கினால் அதை இலவசம் என்று சொல்லக் கூடாது என்கின்றன. “ஊரிலேயே குறைந்த விலை” என்பதை மெய்ப்பிக்க ஊரிலுள்ள எல்லாக் கடைகளின் விலையும் கையில் இருக்க வேண்டும், எங்களிடம் இல்லாததால் அதை அடித்துவிட்டேன்.

கடைசியாக நிபந்தனைகள். அவற்றைத் தனியாக ஓர் ஓரத்தில் ஒதுக்காமல், எந்தச் சலுகைக்கு உரியதோ அதே வரியில் எழுதுங்கள். நீண்ட செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடித்துவிடுவதால், அடியில் எழுதுவதைப் பலர் பார்ப்பதே இல்லை. நட்சத்திரக் குறி போட்டு அடிக்குறிப்பு எழுதுவதும் வேண்டாம்: இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் உள்ளதை வாட்ஸ்அப் தடித்த எழுத்தாக்கிவிட்டுக் குறியை மறைத்துவிடக்கூடும். வண்ணப் படமாக அனுப்பினால் பொடி எழுத்தைக் கைபேசியில் படிக்க முடியாது, ஆகவே நான் வெறும் எழுத்தாகவே அனுப்புகிறேன். தேதியோடு ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள், பழைய செய்தி மறு ஆண்டும் சுற்றி வரும்.

திருத்திய செய்தி:

“தீபாவளி விற்பனை, 2025 அக்டோபர் 10 முதல் 19 வரை. ரூ.1,050-க்கு விற்றுவந்த காட்டன் சேலை இப்போது ரூ.750 (180 சேலைகள்). ரூ.1,000-க்கு விற்றுவந்த பழைய இருப்பு ஃபேன்சி சேலை ரூ.300 (12 சேலைகள் மட்டும்). சட்டை ஒன்று ரூ.600, இரண்டாக எடுத்தால் ரூ.800. பட்டுச்சேலைகளுக்குத் தள்ளுபடி இல்லை. விலையில் ஜிஎஸ்டி அடக்கம்.”

அனுப்பும் முன் இதைக் கல்லாவில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் “ஆனால்” என்று தொடங்கினால் ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கிறது. ஜிஎஸ்டி பற்றிய வாக்கியம் அப்படித்தான் சேர்ந்தது.

பின்சேர்க்கை: “தள்ளுபடிச் சரக்கு திரும்பப் பெறப்படாது” என்று சேர்க்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றித் தர இயலாது என்று எழுதலாம். ஆனால் குறையுள்ள சரக்கைத் திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கால வரம்பு குறிப்பிடாவிட்டால் 30 நாட்கள் வரை அந்தப் பொறுப்பு கடைக்கு உண்டு. ஆகையால் “கிழிசல், சாயக் குறை இருந்தால் பில்லுடன் 30 நாட்களுக்குள் கொண்டுவரலாம்” என்ற வரியையும் சேர்த்துவிட்டோம்.