1800 எந்த நாட்டு எண்? கட்டணமில்லா எண்களுக்கு நாடு எழுதும்போது நேரும் தவறுகள்

தொலைபேசி எண்ணைப் பார்த்ததும் ஊரைச் சொல்லிவிடும் பழக்கம் எங்கள் பகுதியில் பலருக்கும் உண்டு. 04342 என்றால் தருமபுரி, 04343 என்றால் கிருஷ்ணகிரி, 04344 என்றால் ஓசூர். எண்ணின் முன்பகுதி ஊரைக் காட்டும் என்ற இந்த நம்பிக்கை தரைவழித் தொலைபேசிக்குச் சரியாகவே பொருந்தியது. அதே நம்பிக்கையைக் கட்டணமில்லா எண்களுக்கும் நீட்டும்போதுதான் தவறு தொடங்குகிறது. 800 என்ற முன்னொட்டு ஓர் இடத்தின் பெயர் அன்று. அழைப்புக்கான காசை எவர் தருகிறார் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

கிருஷ்ணகிரிக்கு அருகில் உள்ள ஒரு மாங்கூழ் ஆலையின் ஏற்றுமதிப் பிரிவில் வெளிநாட்டு வாங்குவோரின் பதிவேட்டைப் பராமரிப்பது என் வேலை. கண்காட்சிகளில் கிடைத்த விசிட்டிங் கார்டுகளையும் மின்னஞ்சல்களின் அடியில் இருந்த எண்களையும் ஒரே எக்ஸெல் தாளில் சேர்த்து, 'நாடு' என்ற கட்டத்தை ஒரு சிறிய பைத்தான் நிரலைக் கொண்டு நிரப்பினேன். +1 877 என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்திருந்த ஒரு நிறுவனத்துக்கு நிரல் 'US' என்று எழுதியது. நானும் அப்படியே விட்டுவிட்டேன். அதை நம்பி, பெங்களூரா மாம்பழக் கூழ் அடைத்த சில்லறை டின்களின் மாதிரிகளுக்கு அமெரிக்க முறையில் ஆங்கிலத்தில் மட்டும் லேபிள் அச்சடித்து அனுப்பினோம். வாங்குபவர் கனடாவின் ஒன்டாரியோவில் இருந்தார். கனடாவில் சில்லறையாக விற்கும் உணவுப் பொட்டலத்தின் லேபிளில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருக்க வேண்டும். மாதிரிகள் வீணாயின. தவறு என்னுடையதுதான், ஆனால் அதைச் செய்ய வைத்த நினைப்பு மிகப் பரவலானது.

முதலில் +1 என்பதைப் பார்ப்போம். அது அமெரிக்காவின் குறியீடு என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் அமெரிக்கா, கனடா, ஜமைக்கா, டிரினிடாட், பார்படாஸ், பஹாமாஸ் உள்ளிட்ட பல நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் சேர்ந்து பயன்படுத்தும் வட அமெரிக்க எண் திட்டத்தின் குறியீடு அது. சாதாரண எண்ணாக இருந்தால் அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் நாட்டைப் பிரித்துக் காட்டிவிடும்: 416 டொரண்டோவுக்கும், 876 ஜமைக்காவுக்கும், 868 டிரினிடாடுக்கும் உரியவை. ஆனால் 800, 888, 877, 866, 855, 844, 833 ஆகிய ஏழும் திட்டம் முழுவதற்கும் பொதுவானவை. 1967-இல் 800 மட்டும் வந்தது. அது நிரம்பியதால் 1996-இல் 888-உம், பின்னர் மற்றவையும் சேர்க்கப்பட்டன. இவற்றில் எதுவும் எந்த நாட்டுக்கும் தனியாக ஒதுக்கப்பட்டதில்லை.

ஒதுக்காததற்குக் காரணம் அந்த எண் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. கட்டணமில்லா எண்ணுக்குப் பின்னால் நேராக ஒரு கம்பி கிடையாது. அழைப்பு வந்ததும் தொலைபேசி நிறுவனம் ஒரு பொதுத் தரவுத்தளத்தில் அந்த எண்ணைத் தேடி, எந்தப் பகுதியிலிருந்து அழைத்தால் எங்கே அனுப்ப வேண்டும், எந்த நிறுவனம் அதைக் கொண்டு செல்லும் என்று அங்கே எழுதியிருப்பதன்படி திருப்பி விடுகிறது. ஒரே 888 எண்ணுக்கு டல்லாஸிலிருந்து வரும் அழைப்பை ஒரு கிளையிலும், டொரண்டோவிலிருந்து வருவதை வேறொரு கிளையிலும் எடுக்கலாம். அமெரிக்காவிலிருந்து மட்டும் அழைக்கலாம் என்றும், கனடாவையும் சேர்க்கலாம் என்றும் எண்ணை வைத்திருப்பவரே முடிவு செய்கிறார். நாளைக்கே மாற்றவும் செய்யலாம். எண்ணின் இலக்கங்களில் இது எதுவும் தெரியாது. ஆகவே 'இந்த எண்ணின் நாடு எது' என்ற கேள்விக்குப் பதில் எங்கோ மறைந்திருப்பதாக எண்ணித் தேட வேண்டாம். அப்படி ஒரு பதிலே இல்லை.

நான் பயன்படுத்திய நிரல் நூலகத்தின் பெயர் `phonenumbers`. எண்களைச் சரிபார்க்கப் பலரும் நாடும் கருவி இதுதான். அதில் நாட்டைக் கேட்க இரண்டு வழிகள் உள்ளன. இரண்டும் இரு வேறு பதில்களைத் தருகின்றன. வட அமெரிக்காவில் கதைகளுக்கும் படங்களுக்குமென ஒதுக்கிவைத்திருக்கும் ஒரு கட்டணமில்லா எண்ணை வைத்துப் பார்க்கலாம்.

```python
import phonenumbers as p
from phonenumbers import geocoder as g

n = p.parse("+18005550199")
p.region_code_for_number(n)             # 'US'
p.is_valid_number_for_region(n, "CA")   # True
p.is_valid_number_for_region(n, "JM")   # True
g.country_name_for_number(n, "en")      # ''
```

முதல் வரி 'US' என்று சொல்வதற்கு, நூலகம் நாடுகளின் பட்டியலை வரிசையாகச் சோதித்துப் பொருந்தும் முதல் நாட்டைத் திருப்பித் தருவதே காரணம். +1-க்கான பட்டியலில் அமெரிக்கா முதலில் நிற்கிறது. அடுத்த இரண்டு வரிகள் அதே எண் கனடாவிலும் ஜமைக்காவிலும் செல்லும் என்கின்றன. கடைசி வரி ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் எண் செல்லுபடியாவதைக் கண்டதும் வெற்றுச் சொல்லைத் தந்துவிடுகிறது. நான்கில் நேர்மையான பதில் அந்த வெற்றுச் சொல்தான் என்பது என் கருத்து. ஆனால் காலிக் கட்டத்தைப் பிழை என்று எண்ணி, ஏதாவது ஒன்றை நிரப்பித் தரும் முதல் வரியையே நாம் தேர்ந்தெடுக்கிறோம். +7-க்கும் இதே கதைதான்: ரஷ்யாவும் கஜகஸ்தானும் அந்தக் குறியீட்டைப் பகிர்ந்துகொள்வதால் +7 800 என்ற எண்ணும் இரண்டுக்கும் பொருந்தும்.

இந்தியர்களுக்கென்றே அமைந்த தவறு இன்னொன்று உண்டு. என் பதிவேட்டில் அதிகமாக இருந்ததும் அதுதான். நம் நாட்டுக் கட்டணமில்லா எண்கள் 1800 என்று தொடங்குகின்றன, அவற்றில் பலவும் 11 இலக்கங்கள் கொண்டவை. வட அமெரிக்கக் கட்டணமில்லா எண்ணையும் நாட்டுக் குறியீடோடு எழுதினால் 1, பிறகு 800, பிறகு ஏழு இலக்கம் என்று அதே 11 இலக்கங்கள்தாம் வரும். எக்ஸெலில் இடைவெளியும் கோடும் '+' குறியும் நீங்கிவிட்ட பிறகு இரண்டையும் கண்ணால் பிரிக்க இயலாது.

```python
a = p.parse("18005550199", "IN")
b = p.parse("+18005550199")
p.format_number(a, p.PhoneNumberFormat.E164)  # '+9118005550199'
p.format_number(b, p.PhoneNumberFormat.E164)  # '+18005550199'
```

இரண்டும் செல்லுபடியாகும் கட்டணமில்லா எண்களே என்று நூலகம் சொல்லும். ஆகவே சரிபார்ப்பில் பிழை அகப்படாது. '11 இலக்கம் இருந்தால் முன்னால் + போடு' என்ற ஒரு வரி, ஓசூரில் உள்ள இயந்திர நிறுவனத்தின் சேவை எண்ணைக் கடல் கடந்து அனுப்பிவிடும். எண்ணை எந்த நாட்டுக் காகிதத்திலிருந்து எடுத்தோம் என்பதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதிவைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை. எக்ஸெலில் அந்தக் கட்டத்தின் வடிவத்தை முதலிலேயே 'Text' என்று மாற்றிவிட்டால் தொடக்கத்து + குறியும் பூச்சியமும் அழியாமல் நிற்கும்.

பூச்சியங்களை அழிப்பதால் வரும் குழப்பமும் சிறியதன்று. வெளிநாட்டு நிறுவனங்கள் சில, இந்தியாவிலிருந்து அழைப்பவர்களுக்கென 000 800 என்று தொடங்கும் எண்ணைத் தருகின்றன. முன்னால் உள்ள 00 ஐ.எஸ்.டி.க்கான முன்னொட்டு அன்று. மூன்று பூச்சியமும் எண்ணின் உறுப்புகள். அவற்றை நீக்கி + சேர்த்தால் +800 என்று வந்து நிற்கும். +800 என்பது முற்றிலும் வேறான ஒன்று: சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பதிவு செய்து தரும், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத உலகப் பொதுக் கட்டணமில்லா எண். பிரிட்டனின் 0800 எண்ணில் பூச்சியத்துக்குப் பதில் + போடுபவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். அதன் சரியான வடிவம் +44 800. கண்டுபிடிக்க எளிய வழி இலக்கங்களை எண்ணுவது. உண்மையான உலகப் பொது எண்ணில் 800-க்குப் பின் சரியாக எட்டு இலக்கங்கள் இருக்கும். 000 800 எண்ணைச் சிதைத்தால் பெரும்பாலும் ஏழுதான் மிஞ்சும். உண்மையான +800 எண்ணுக்கு `region_code_for_number` தரும் விடை '001'. அது உலகத்தைக் குறிக்கும் குறியீடு. அதை வழுவென்று எண்ணித் திருத்த வேண்டாம்.

கட்டணமில்லை என்ற சொல்லும் எல்லை கடந்தால் பொருந்தாது. +1 800 எண்ணை இங்கிருந்து அழைத்தால் சில வேளை இணைப்பே கிடைக்காது. கிடைத்தால் வழக்கமான ஐ.எஸ்.டி. கட்டணம் நம் கணக்கில்தான் ஏறும். (உள்நாட்டிலேயே 1860 என்று தொடங்கும் எண்ணை இலவசம் என்று எண்ணி வங்கியோடு அரைமணி நேரம் பேசுபவர்கள் எங்கள் அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அந்த வரிசைக்கு அழைப்பவரும் காசு தர வேண்டும்.)

மிகைக்கட்டண எண்களில் திசை நேர்மாறானது: அழைப்பவர் கூடுதலாகத் தருகிறார், அதில் ஒரு பங்கு எண்ணை வைத்திருப்பவருக்குப் போகிறது. +1 900 வட அமெரிக்கத் திட்டத்துக்குப் பொது. +979 உலகப் பொது, அதன் அடுத்த இலக்கம் கட்டணப் படியைக் குறிக்கும். இவற்றுக்கும் நாடு எழுத முடியாது. ஆனால் இங்கே நேரும் பெரிய தவறு, இந்த முன்னொட்டுகளை மட்டும் தடுத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடுவது. ஒரே மணியில் துண்டித்துவிட்டுத் திருப்பி அழைக்க வைக்கும் மோசடிக்காரர்கள் 900-ஐ நாடுவதில்லை. +1 876, +1 473 போன்ற சாதாரணக் கரீபியன் எண்களையே காட்டுகிறார்கள். +1-ஐப் பார்த்து அமெரிக்க வாங்குபவர் என்று எண்ணி ஏற்றுமதி அலுவலகங்கள் திருப்பி அழைத்துவிடுவது இயல்பே.

இப்போது என் நிரல் நாட்டைக் கேட்பதற்கு முன் `number_type` மூலம் எண்ணின் வகையைக் கேட்கிறது. அது கட்டணமில்லா வகையாகவோ, மிகைக்கட்டண வகையாகவோ, பகிர்வுக் கட்டண வகையாகவோ இருந்தால் நாட்டுக் கட்டத்தைத் தொடுவதில்லை; வகையை மட்டும் எழுதிவிட்டு, எண்ணைக் கார்டில் இருந்த வடிவிலேயே வேறொரு கட்டத்தில் வைக்கிறது. +91 1800 எண்ணுக்கும் இதே விதிதான், ஏனென்றால் அது இந்தியாவிலிருந்து அழைக்கலாம் என்று காட்டுமே தவிர, நிறுவனம் இங்கே இருக்கிறது என்று காட்டாது. நாடு என்பது ஆர்டரில் உள்ள சரக்கு சேரும் முகவரியிலிருந்து மட்டுமே பதிவேட்டுக்கு வருகிறது; அந்தக் கட்டம் காலியாக உள்ள வரிக்கு லேபிள் அச்சுக்குப் போவதில்லை.