ஃபிஷிங் டிக்கெட்டில் புது அனலிஸ்ட்கள் சறுக்கும் இடங்கள்

ஊழியர் ஒருவர் சந்தேகப்பட்டு ஒரு மெயிலைப் புகார் செய்கிறார். டிக்கெட் புது அனலிஸ்டின் வரிசையில் வந்து விழுகிறது. அவர் ஹெட்டரைத் திறந்து அரை மணி நேரம் துருவிவிட்டு, “ஃபிஷிங்தான், அனுப்புநரை பிளாக் செய்தாயிற்று” என்று எழுதி மூடிவிடுகிறார். மெயில் கெட்டதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த மெயிலால் என்ன நடந்தது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

நான் கையாண்ட ஒரு டிக்கெட்டை வைத்தே இதைச் சொல்கிறேன். முகவரிகளை மாற்றியிருக்கிறேன்: நிறுவனத்தின் டொமைன் `example.com`, தாக்கியவருடையது `example.net`. மெயிலின் தலைப்பு “சம்பளத் திருத்தக் கடிதம்”. அனுப்பியவராகத் தெரிந்தது `hr@example.com`. காலை 9:14க்கு வந்தது, 9:31க்குப் புகார் ஆனது.

எந்த ஹெட்டரைப் படிக்கிறீர்கள்?

புகார் செய்தவர் மெயிலை சாதாரணமாக ஃபார்வேர்ட் செய்திருந்தார். அப்படி வந்தால் நம் கையில் இருப்பது அவர் அனுப்பிய புது மெயிலின் ஹெட்டர்தான், மூல மெயிலுடையது அல்ல. முதலில் பார்த்த இளைஞர் அதைப் படித்துவிட்டு, “உள்ளிருந்து வந்த மெயில், எல்லாம் பாஸ்” என்று குறித்திருந்தார். அவர் சோதித்தது புகார் கொடுத்தவரைத்தான்!

மூல மெயில் `.eml` கோப்பாக இணைக்கப்பட்டு வரவேண்டும். வரவில்லையென்றால் மெயில் சர்வரிலிருந்து நாமே எடுத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும் ஊழியரிடம் “அப்படிச் சேமித்து இப்படி அனுப்புங்கள்” என்று பாடம் எடுத்தால், அவர் மெயிலை மறுபடி திறந்து எங்காவது கிளிக் செய்துவிடுவார்.

மூல மெயிலில் இருந்தது இது:

```
Authentication-Results: mx.example.com;
 spf=pass smtp.mailfrom=bounce.example.net;
 dkim=pass header.d=example.net;
 dmarc=fail (p=none) header.from=example.com
```

இரண்டு பாஸ், ஒரு ஃபெயில். மதிப்பெண் மாதிரி கூட்டிப் பார்த்து “பெரும்பாலும் சரி” என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. உண்மையில் `spf=pass` என்பது, அனுப்பிய சர்வருக்கு `bounce.example.net` பெயரில் அனுப்ப அனுமதி இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. `dkim=pass` சொல்வது, கையெழுத்து `example.net` போட்டது, கையெழுத்திட்ட பகுதி வழியில் மாறவில்லை என்பதை. இரண்டும் தாக்கியவரின் சொந்த டொமைனைப் பற்றியவை. தன் வீட்டுச் சாவி தன் வீட்டுப் பூட்டைத் திறப்பதில் என்ன அதிசயம்? ஊழியரின் கண்ணில் படும் `From` முகவரியை அந்த இரண்டு சோதனைகளும் தொடுவதே இல்லை. அந்த முகவரியோடு இவற்றில் ஒன்றாவது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது `dmarc`. இங்கே ஒத்துப்போகவில்லை.

அப்படியானால் ஏன் இன்பாக்ஸில் விழுந்தது? `p=none`. எங்கள் டொமைனின் கொள்கையே “தோற்றாலும் ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு” என்றிருந்தது. அதை உடனே `p=reject` ஆக்குவது ஜூனியர் அனலிஸ்டின் வேலை அல்ல. நம் பெயரில் மெயில் அனுப்பும் வெளிச் சேவைகளை எல்லாம் கணக்கெடுக்காமல் மாற்றினால் நல்ல மெயில்களும் நின்றுவிடும். அதைத் தனி டிக்கெட்டாக எழுதி, உரியவரிடம் தள்ளிவிட வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. `dmarc=fail` என்றாலே ஃபிஷிங் என்று எழுதிவிடுவது. மெயிலிங் லிஸ்ட் வழியாக வந்தவையும், சரியாக அமைக்காத சம்பளச் சேவையின் மெயில்களும் இதேபோல் தோற்கும். மூன்றும் பாஸ் ஆன ஃபிஷிங்கும் சகஜம். தாக்கியவர் உங்கள் பெயரைப் போலவே ஒலிக்கும் டொமைனை வாங்கிவிட்டாலோ, உங்கள் சப்ளையரின் மெயில் பெட்டியைத் திருடிவிட்டாலோ எல்லாமே பச்சையாகத்தான் இருக்கும். அதனால் இந்த வரிகளை ஒரு தடயமாக எடுத்துக்கொண்டு, லிங்க் எங்கே போகிறது, அந்த மெயில் அனுப்ப வேண்டிய துறை உண்மையில் அனுப்பியதா என்பவற்றோடு சேர்த்தே தீர்ப்பு எழுதவேண்டும். மனிதவளத் துறைக்கு ஒரு போன் போட்டதில் இரண்டாவது கேள்வி ஒரு நிமிடத்தில் முடிந்தது.

இன்னொன்று: `Received` வரிகள் கீழிருந்து மேலாக அடுக்கப்படுபவை. உங்கள் சொந்த கேட்வே எழுதிய வரிக்குக் கீழே உள்ள எதையும் அனுப்பியவர் இட்டுக்கட்டியிருக்கலாம். அங்கே ஒரு நாட்டின் ஐபியைப் பார்த்து “தாக்குதல் அங்கிருந்து” என்று எழுதிவிடாதீர்கள்.

லிங்கைத் தொடும் விதம்

மெயிலில் இருந்த லிங்க்:

```
hxxps://hr-docs.example[.]net/v/?u=dXNlcjFAZXhhbXBsZS5jb20=
```

டிக்கெட்டில் இப்படித்தான் உடைத்து எழுதவேண்டும். இல்லாவிட்டால் டிக்கெட்டைப் படிக்கும் யாராவது கிளிக் செய்வார்கள். `u=` க்குப் பின்னால் இருப்பது பேஸ்64. பிரித்தால் `user1@example.com`, அதாவது பெற்றவரின் முகவரி. அதோடு சேர்த்துத் திறந்தால், “இந்த ஆள் கிளிக் செய்துவிட்டார்” என்று தாக்கியவருக்கு நாமே செய்தி அனுப்புகிறோம். முழு லிங்கைப் பொதுவான ஸ்கேன் தளத்தில் பொதுப் பார்வைக்கு விட்டால், ஊழியரின் முகவரி அங்கே எல்லோருக்கும் தெரியும். இணைப்புக் கோப்பை வைரஸ்டோட்டலில் ஏற்றுவதும் அப்படித்தான், பணம் கட்டும் சந்தாதாரர்கள் அதைத் தரவிறக்க முடியும். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவரை, கோப்பின் கைரேகை போன்ற ஹாஷையும் டொமைனையும் தேடிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேடினோம். ஒரு எஞ்சின்கூட எச்சரிக்கவில்லை. சாண்ட்பாக்ஸில் திறந்தால் வெற்றுப் பக்கம். “சுத்தம்” என்று எழுதக் கை பரபரக்கும் இடம் இது. ஆனால் டொமைன் பதிவாகி 2 நாள்தான் ஆகியிருந்தது. அவ்வளவு புதிய டொமைனைப் பல பட்டியல்கள் இன்னும் அறிந்திருக்காது. தவிர, இத்தகைய பக்கங்கள் தரவு மையத்து ஐபியிலிருந்து வருபவருக்கு ஒன்றும் காட்டாமல், அலுவலக இணைப்பிலிருந்து வருபவருக்கு மட்டும் உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டுவது வழக்கம்.

வேறு யாருக்கு வந்தது, யார் தொட்டார்கள்

என் கணக்கில் மிகப் பெரிய தவறு, இந்த வேலையை ஹெட்டர் ஆராய்ச்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்வது. லிங்க் சந்தேகமானது என்று தெரிந்த நொடியில் அந்த டொமைனைத் தடுத்துவிட்டுத் தேட ஆரம்பிக்கவேண்டும். நீங்கள் `Received` வரிகளை ரசித்துக்கொண்டிருக்கும்போது மூன்றாம் மாடியில் ஒருவர் பாஸ்வேர்ட் அடித்துக்கொண்டிருப்பார்.

அனுப்புநர் முகவரியை வைத்துத் தேடியதில் 6 மெயில்கள் கிடைத்தன. 6ஐயும் நீக்கிவிட்டு மூட இருந்தார் இளைஞர். லிங்கின் டொமைனை வைத்துத் தேடச் சொன்னேன். 41 வந்தது. மீதி 35ம் `payroll@example.com` என்ற பெயரில், வேறு தலைப்பில் வந்தவை. முகவரியையும் தலைப்பையும் மாற்றுவது தாக்கியவருக்குச் சுலபம். பக்கத்தை வைத்திருக்கும் டொமைனை மாற்றக் கொஞ்சம் மெனக்கெடவேண்டும், அதனால் அதைத்தான் முதலில் பிடிக்கவேண்டும்.

அடுத்து கிளிக்குகள். பதிவைப் பார்த்தால் 41 பேரும் கிளிக் செய்தது போல் இருந்தது! மெயில் வந்த சில நொடிகளில், ஒரே ஐபி வரம்பிலிருந்து. அது எங்கள் மெயில் கேட்வே தானாக லிங்கைச் சோதித்ததன் தடம். அதைக் கழித்தால் நிஜமாகக் கிளிக் செய்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவர், மெயில் வருவதற்கு முன்பே கிளிக் செய்திருந்தார். மாயமில்லை, மெயில் பதிவு ஒரு நேர மண்டலத்திலும் ப்ராக்ஸி பதிவு இன்னொன்றிலும் இருந்தன. இரண்டையும் ஒரே நேர மண்டலத்துக்கு மாற்றிய பிறகு 9:22 என்று வந்தது.

கிளிக் செய்தவர் பாஸ்வேர்ட் கொடுத்தாரா? ப்ராக்ஸி என்கிரிப்ஷனைப் பிரித்துப் பார்ப்பதாக இருந்தால் `POST` கோரிக்கை தெரியும். எங்களுடையது பிரிக்காது. எந்தத் தளத்தோடு இணைந்தார், எத்தனை பைட் போனது என்பதோடு சரி. ஆக, ஆளிடம்தான் கேட்கவேண்டும். “பாஸ்வேர்ட் கொடுத்தீர்களா?” என்று கேட்டால் பயத்தில் “இல்லை” என்பார்கள். நான் ஒருவரிடம், “பக்கம் திறந்ததும் என்ன தெரிந்தது, அப்புறம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன்.

“லாகின் பக்கம் வந்தது சார். தப்புன்னு காட்டுச்சு, அதனால மறுபடி போட்டேன். போனுக்கு ஓடிபி கோடும் வந்துச்சு.”

இரண்டு முறை பாஸ்வேர்ட், கூடவே கோட். அப்படியானால் நடுவில் நின்று உண்மையான தளத்துக்குக் கடத்தும் பக்கமாக இருக்கலாம். அதில் பாஸ்வேர்டோடு, மறுபடி லாகின் கேட்காமல் உள்ளே விடும் செஷன் குக்கியும் போய்விடும். அதனால் பாஸ்வேர்டை மாற்றியதோடு நிற்பது போதாது. எல்லா செஷன்களையும் ரத்து செய்யவேண்டும். மைக்ரோசாஃப்ட் 365ல் அதற்கு `Revoke-MgUserSignInSession` இருக்கிறது. ஆனாலும் ஏற்கெனவே கொடுக்கப்பட்ட அக்சஸ் டோக்கன் சுமார் ஒரு மணி நேரம் உயிரோடு இருக்கக்கூடும். எனவே அந்த ஒரு மணி நேரப் பதிவுகளையும் பார்த்துவிட்டுத்தான் நகரவேண்டும். பிறகு புதிதாகச் சேர்த்த போன் அல்லது அங்கீகார முறை, அனுமதி கொடுக்கப்பட்ட ஆப், மெயில் விதிகள். ஆடிட் பதிவில் `New-InboxRule` என்று தேடியதில் 9:40க்கு ஒரு விதி: “சம்பளம்” என்ற சொல் வரும் மெயில்களை அதிகம் யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்கு நகர்த்து. கணக்குக்குள் தாக்கியவர் ஏற்கெனவே நுழைந்திருந்தார். அந்த நொடியில் டிக்கெட் ஜூனியரின் கையை விட்டுச் சம்பவக் குழுவிடம் போனது, அதுதான் சரியும்கூட. இதைத் தானே தீர்க்கப் பார்த்து இரண்டு மணி நேரம் இழுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மூடும் முன்

41 மெயில்களையும் நீக்கும் முன் ஒரு பிரதியை எடுத்து வைத்தோம். எல்லாவற்றையும் அழித்துவிட்டால் பின்னால் ஒன்றையும் நிரூபிக்க முடியாது. மூடும் குறிப்பில் “ஃபிஷிங், நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்ற ஒற்றை வரி வேண்டாம். எதை வைத்துத் தீர்மானித்தோம், எத்தனை பேருக்கு வந்தது, எந்தத் தேடலில் அந்த எண் கிடைத்தது, யார் கிளிக் செய்தார்கள், எந்தக் கணக்கில் என்ன செய்தோம், எதைச் சரிபார்க்க முடியவில்லை என்பவை இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எங்கள் குறிப்பில், “ப்ராக்ஸியில் உள்ளடக்கம் தெரியாது, இரண்டாமவர் பாஸ்வேர்ட் கொடுக்கவில்லை என்பது அவர் சொன்னதை வைத்தே” என்று எழுதினோம். அவருடைய பாஸ்வேர்டையும் மாற்றினோம், செஷன்களையும் ரத்து செய்தோம்.

புகார் கொடுத்தவருக்கும் இரண்டு வரி பதில் போனது. அவர் உடனே திருப்பி எழுதினார்: “காலையில் இதை எங்கள் டீமின் பொதுப் பெட்டிக்கும் அனுப்பி, நிஜமா என்று கேட்டிருந்தேன். அங்கேயும் பார்க்கவேண்டுமா?” அவர் அந்த லிங்கை எழுத்தாக ஒட்டாமல் ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பியிருந்தார், ஆகவே டொமைன் தேடலில் அது சிக்கவில்லை. படத்தில் இருந்த முகவரியை யாராவது கையால் தட்டித் திறந்தார்களா என்று பார்க்க டிக்கெட்டை மறுபடி திறந்தோம். பிளாக் பதிவில் 10:05க்கு ஒரு முயற்சி இருந்தது, தடுக்கப்பட்டிருந்தது.