விடிய எழும்பிச் சுடுதண்ணீர் குடித்தால் மெலியலாமா? எடை குறைக்கப் பார்ப்பவர்கள் விடும் தவறுகள்

மட்டக்களப்பில் எடை குறைக்க வருபவர்களுக்குச் சாப்பாட்டுத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. புதிதாக வருபவரிடம் "இதுவரைக்கும் என்ன செய்து பார்த்தீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வரும் பதில், "விடிய வெறும் வயிற்றில சுடுதண்ணி குடிக்கிறன் மிஸ்." ஏறாவூரில் இருந்து வந்தாலும் அக்கரைப்பற்றில் இருந்து வந்தாலும் இதே பதில்தான். போன வருடம் வந்தவர்கள் விட்ட அதே பிழைகளை இந்த வருடம் வருபவர்களும் விடுகிறார்கள். பொரித்ததைக் குறைக்க வேண்டும், சோடா குடிக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தண்ணீரை வைத்து ஏமாறுவதை மட்டும் சொல்கிறேன்.

சூடு கொழுப்பைக் கரைக்கும் என்று நம்புவது

"கறிச்சட்டியில ஒட்டின எண்ணெய் சுடுதண்ணி ஊத்தினால் போகுதுதானே?" என்று கேட்பார்கள். சட்டியில் தண்ணீர் எண்ணெய் மேல் நேரடியாகப் படுகிறது. நாம் குடிக்கும் தண்ணீர் போவது இரைப்பைக்கும் குடலுக்கும். வயிற்றுக் கொழுப்பு இருப்பது தோலுக்கு அடியிலும் உள்ளுறுப்புகளைச் சுற்றியும். தண்ணீர் அதைத் தொடுவதே இல்லை. அதோடு, என்ன சூட்டில் குடித்தாலும் கொஞ்ச நேரத்தில் அது உடம்பின் 37 பாகைக்கு வந்துவிடும்.

தண்ணீர் குடித்தாலே உடம்பு கூடுதலாக எரிக்கும் என்ற பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. 2003இல் பெர்லினில் 14 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அரை லீற்றர் தண்ணீர் குடித்த பிறகு உடம்பு சக்தி எரிக்கும் வேகம் 30 சதவீதம் கூடியதாகச் சொன்னார்கள். 2006இல் சுவிட்சர்லாந்தில் அதையே சோதித்தபோது, சாதாரணத் தண்ணீரில் அப்படி ஒரு கூடுதல் தெரியவில்லை. நம்மூர்க் கணக்கைப் பார்ப்போம். தாங்கித் தண்ணீர் இங்கே 30 பாகை அளவில் இருக்கும். அரை லீற்றரை 37 பாகைக்குச் சூடாக்க உடம்புக்கு மூன்றரைக் கலோரி போதும். ஒரு தேக்கரண்டிச் சீனியில் அதைப்போல நாலைந்து மடங்கு இருக்கிறது. சுடுதண்ணீர் என்றால் அந்த மூன்றரையும் இல்லை, ஏற்கெனவே சூடாகத்தானே உள்ளே போகிறது.

விடியச் சுடுதண்ணீர் குடித்தால் சிலருக்கு வயிறு நன்றாகப் போகும். அது உண்மை, மலச்சிக்கல் உள்ளவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். அதைக் கொழுப்புக் கரைந்த கணக்கில் எழுதாமல் இருந்தால் சரி.

ஐஸ் தண்ணீர்

ஃபிரிஜ்ஜில் வைத்த அரை லீற்றரை 37 பாகைக்குச் சூடாக்க உடம்பு எரிப்பது பதினாறு கலோரி. அதற்காகக் கஷ்டப்பட்டுக் குடிக்க வேண்டாம்.

தேனைத் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதில்தான். ஆட்களுடைய மாதங்களையும் காசையும் தின்கிற பிழை இது.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருந்து ஒரு ஆசிரியை வந்தார். நாற்பது தாண்டியவர், எடை 78 கிலோ. மூன்று மாதமாக விடிய ஐந்து மணிக்கு எழும்பி, ஒரு லீற்றர் சுடுதண்ணீரில் தேசிக்காய் பிழிந்து, இரண்டு மேசைக்கரண்டித் தேன் விட்டுக் குடித்திருக்கிறார். மூன்று மாதம் முடிய அரைக் கிலோ கூடியிருந்தது. "எனக்குத் தண்ணி குடிச்சாலும் உடம்பு வைக்குது மிஸ்" என்று கண் கலங்கினார்.

நேற்று எழும்பியதில் இருந்து படுக்கும்வரை வாயில் போட்டதை எல்லாம் எழுதச் சொன்னேன். சோறு, பிட்டு, மீன் எல்லாம் அளவோடுதான் இருந்தன. ஓரத்தில் "ரீ" என்று மட்டும் நாலு இடத்தில் எழுதியிருந்தார். அடுத்த முறை வரும்போது வீட்டுக் கரண்டியையும் சீனிப் போத்தலையும் கொண்டுவரச் சொன்னேன். என் மேசையில் இருக்கும் சின்னத் தராசில் வெறும் கோப்பையை வைத்து, "வீட்டில போடுற மாதிரியே போடுங்க அக்கா" என்றேன். கரண்டி சீனிக்குள் இறங்கி, கூம்பாக நிறைந்து, ஓரத்தில் நாலு பரல் சிந்தியபடி ஏறியது. மூன்று தரம். தராசு 21 கிராம் காட்டியது. "மூண்டு கரண்டிதானே" என்றார். மட்டமாகப் போட்டிருந்தால் 12 கிராம். கூம்பாகப் போட்டதால் ஏறக்குறைய இருமடங்கு.

கணக்கு இதுதான். சீனி ஒரு கிராமுக்கு நாலு கலோரி. 21 கிராமுக்கு 84. அதோடு இரண்டு கரண்டி முழு ஆடைப் பால்மா, பத்துக் கிராம் என்று வைத்தாலும் ஐம்பது. ஆக ஒரு கோப்பைப் பால்தேத்தண்ணியில் 134, நாலு கோப்பைக்கு 536. இதற்கு மேல்தான் விடியக் குடித்த தேன் வருகிறது. இரண்டு மேசைக்கரண்டித் தேன் 42 கிராம், கிராமுக்கு மூன்று கலோரிப்படி 126. மெலிவதற்காகக் குடித்த தண்ணீரே, அவர் ஒன்றரைக் கோப்பை ரீக்குப் போடும் சீனியின் அளவு கலோரியை உள்ளே கொண்டுபோயிருக்கிறது. நாள் முழுக்கக் குடித்ததில் மட்டும் 662 கலோரி, ஒரு வாய்ச் சோறு கணக்கில் வராமல்.

தண்ணீரை நான் நிறுத்தவில்லை. தேனை நிறுத்தினேன். தேசிக்காய் இருக்கட்டும், அதில் கெடுதலும் இல்லை, மெலிய வைக்கும் சக்தியும் இல்லை. பள்ளிக்கூட இடைவேளை ரீக்கும் இரவு ரீக்கும் பதிலாக வெறும் தண்ணீர். மிச்ச இரண்டிலும் பால்மா அப்படியே, சீனி மட்டமாக ஒரு கரண்டி. இப்போது ரீயில் ஏறக்குறைய 132 கலோரிதான். ஒரு நாளைக்கு 530 அளவில் குறைந்துவிட்டது. ஒரு கிலோ உடம்புக் கொழுப்பு சுமார் 7,700 கலோரி என்று கணக்குப் போடுவார்கள். அப்படிப் பார்த்தால் பதினைந்து நாளுக்கு ஒரு கிலோ போக வேண்டும். நடைமுறையில் அந்த வேகம் வராது. பசி கொஞ்சம் கூடும், எடை குறையக் குறைய உடம்பு எரிப்பதும் குறையும். அடுத்த மூன்று மாதத்தில் அவருக்கு நாலு கிலோ குறைந்தது. தண்ணீர் இங்கே செய்த வேலை ஒன்றுதான். சீனி போன இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. எதையும் எடுக்காமல் தண்ணீரை மேலதிகமாகச் சேர்த்தவர்களுக்கு எடை அசைந்து நான் பார்த்ததில்லை.

தேன் மருந்து, சீனிதான் கூடாது என்ற எண்ணம் இன்னொரு இடத்திலும் அடிக்கிறது. சீனி வருத்தம் உள்ள ஒரு ஐயா, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கப் போகும் நாளிலும் தேன் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். "சாப்பிட இல்லைத்தானே மகள்" என்பார். தேன் குடித்துவிட்டு எடுத்த இரத்தத்தில் சீனி ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்து வைத்தியர் குளிசையைக் கூட்டினால், மற்ற நாட்களில் சீனி ஒரேயடியாக இறங்கி மயங்கி விழ இடமுண்டு. அந்த நாளில் வெறும் தண்ணீர் மட்டும்தான். தேன், பனங்கட்டி, சர்க்கரை எதைக் கலந்தாலும் அது வெறும் வயிறு இல்லை.

குடிக்கும் நேரத்தைப் பிழையாகப் பிடிப்பது

விடிய ஐந்து மணிக்குக் குடித்த தண்ணீர் மத்தியானச் சோற்றை ஏன் குறைக்கப் போகிறது? வெறும் தண்ணீர் இரைப்பையில் அதிக நேரம் நிற்காது. தண்ணீர் எடைக்கு உதவியதாகக் காட்டிய ஆய்வுகளில் அதைக் குடித்தது சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். 2015இல் இங்கிலாந்தில் வந்த ஆய்வில், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் அரை லீற்றர் குடித்தவர்களுக்கு 12 வாரத்தில் மற்றவர்களைவிட ஒன்றேகால் கிலோ அளவில் கூடுதலாகக் குறைந்தது. அந்த மற்றவர்களுக்குச் சொன்னது, சாப்பிடும் முன் வயிறு நிறைந்ததாக மனதில் நினைத்துக்கொள்ளுங்கள் என்பது. 2010இல் அமெரிக்காவில் 55 வயது தாண்டியவர்களிடம் செய்த ஆய்வில் வித்தியாசம் இரண்டு கிலோ அளவில் வந்தது. ஆனால் அவர்கள் எல்லாருமே சாப்பாட்டையும் குறைத்திருந்தார்கள். இளம் ஆட்களில் இந்தப் பலன் இவ்வளவு தெளிவாக வருவதில்லை.

ஆகவே விடியக் குடிக்கும் ஒரு லீற்றரில் பாதியை மத்தியானச் சோற்றுக்கு முன்னால் தள்ளிவிடுங்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்றால் பன்னிரண்டு மணிக்கு இரண்டு கிளாஸ். சூடோ குளிரோ, உங்கள் விருப்பம். அப்புறம் கோப்பையில் முதல் தரம் போட்ட சோற்றோடு நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். ஒரு கிழமை பார்த்தும் இரண்டாம் தரம் கை போகிறதென்றால், உங்களுக்கு இந்த வழி வேலை செய்யவில்லை.

காலைச் சாப்பாட்டுக்குப் பதில் தண்ணீர்

பத்து மணிக்கு ரோல்ஸும் பணிஸும் உள்ளே போகும். வேறொன்றும் நடக்காது.

அன்றாடத் தராசை நம்புவது

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. குடித்த கையோடு ஏறினால் ஒரு கிலோ கூடும், கழித்த பிறகு ஏறினால் குறையும். முதல் நாள் இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், மறுநாள் தராசு ஏறிக் காட்டும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன்னான நாட்களிலும் இப்படித்தான். சோற்றைத் திடீரென்று வெட்டிய முதல் கிழமையில் இரண்டு கிலோ இறங்குவதும் பெரும்பாலும் உடம்பில் தேங்கியிருந்த தண்ணீர்தான். சுடுதண்ணீருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த முதல் கிழமை.

கிழமைக்கு ஒரு நாள், விடிய, கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு, தண்ணீர் குடிக்க முன் தராசில் ஏறுங்கள். மாதம் ஒருமுறை தையல் நாடாவால் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதுங்கள். தராசு இறங்கி, நாடா இரண்டு மாதமாக அசையாமல் நின்றால், போனது கொழுப்பு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எல்லாருக்கும் ஒரே அளவு சொல்வது

"ஒரு நாளைக்கு நாலு லீற்றர் குடியுங்கள்" என்று ஃபோனில் வரும் செய்தியைக் குடும்பம் முழுவதற்கும் அனுப்பாதீர்கள். அம்பாறை, சம்மாந்துறைப் பக்கம் வெயிலில் வயலில் நிற்பவருக்கு அந்தளவு தேவைப்படலாம், அவருக்கு அது வியர்வையாகப் போகிறது. அதே வீட்டில் சிறுநீரக வருத்தம் உள்ள அப்பாவுக்கோ இதயம் பலவீனமான அம்மம்மாவுக்கோ அது ஆபத்து. கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். அவர்களுக்குக் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த அளவுதான் அளவு, ரீ, கஞ்சி, சொதி எல்லாம் அதற்குள் அடங்கும். பிரஷருக்கோ வீக்கத்துக்கோ நீர் கழியும் குளிசை எடுப்பவர்களும் கேட்காமல் தண்ணீரைக் கூட்டக் கூடாது.

சுகமாக இருப்பவர்களுக்கும் ஒரு எல்லை உண்டு. சிறுநீரகம் ஒரு மணித்தியாலத்தில் வெளியேற்றக்கூடியது சுமார் ஒரு லீற்றர்தான். விடிய ஒரே மூச்சில் இரண்டு மூன்று லீற்றர் குடித்தால் இரத்தத்தில் உப்பு ஐதாகிவிடும். தலையிடி, ஓங்காளம், வாந்தி, அப்புறம் பேச்சுத் தடுமாற்றம் என்று வரும். பேச்சுத் தடுமாறினால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், எவ்வளவு தண்ணீர் எத்தனை மணிக்குக் குடித்தார் என்பதையும் அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.