நாளுக்கு 20 நிமிடத்தில் ஜப்பானிய மொழி: வேலைக்குப் போகிறவர்களுக்கான தொடக்கத் திட்டம்

நாளுக்கு 20 நிமிடம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 மணி நேரம் கிடைக்கும். அதைக் கொண்டு ஜப்பானியச் செய்தித்தாளைப் படித்துவிட முடியாது. எழுத்துகளை அடையாளம் காணவும் எளிய வாக்கியங்களைத் தடுமாறாமல் சொல்லவும் அது போதும். தாம்பரத்தில் மின்சார ரயிலில் ஏறிக் கடற்கரை நிலையம் வரை செல்லும் நேரத்தில்தான் நான் இதைப் பழகினேன்.

முதல் மூன்று வாரங்களை ஜப்பானியத்தின் அடிப்படை ஒலியெழுத்துகளான ஹிரகானாவுக்கு ஒதுக்குங்கள். அவை 46, நாளுக்கு நான்காகக் கற்றால் 12 நாளில் முடியும், எஞ்சிய நாட்கள் திருப்பிப் பார்ப்பதற்கு. உச்சரிப்பைத் தமிழில் குறித்துக்கொள்ளாதீர்கள். நாம் 'கடல்', 'தங்கம்' இரண்டிலும் ஒரே 'க'வை எழுதுகிறோம். ஜப்பானியத்தில் 'தங்கம்' என்பதில் வரும் ஒலிக்கு, எழுத்தின் மேல் இரண்டு சிறு கோடுகள் இட வேண்டும். நெ, ரெ, வா என்னும் மூன்று எழுத்துகளுக்கும் இடப்பக்கம் ஒன்றே. வலப்பக்க வால் சுழித்து முடிந்தால் நெ, வெளியே விலகினால் ரெ, உள்ளே வளைந்தால் வா.

நான்காம் வாரத்திலிருந்து முதல் 8 நிமிடம் கற்ற சொற்களை எழுதிவைத்த பழைய அட்டைகள், அடுத்த 5 நிமிடம் புதிய சொற்கள் நான்கு, கடைசி 7 நிமிடம் வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்வது. ஒவ்வோர் அட்டையையும் 1, 3, 7, 14ஆம் நாட்களில் திருப்பிப் பாருங்கள். மறந்திருந்தால் அது மீண்டும் முதல் நாளுக்குப் போகும். இக்கணக்கில் நாளுக்குச் சுமார் 16 அட்டைகள் சேரும். பழைய அட்டைகளுக்கே 8 நிமிடம் போதவில்லையென்றால் கொள்ளளவு மீறிவிட்டது என்று பொருள். அது குறையும் வரை புதிய சொற்களை நிறுத்திவிடுங்கள்.

வாக்கியத்தில்தான் தமிழ் நமக்குப் பெரிதும் கைகொடுக்கிறது. 'எகி தெ ஷிம்புன் ஓ யொமிமாஸ்' என்பதை வரிசை மாற்றாமலே 'நிலையம்-இல் செய்தித்தாள்-ஐ வாசிக்கிறேன்' என்று பிரிக்கலாம். ('தெ' என்பதைப் 'பந்து' என்பதில் வரும் தகரத்தைப் போல ஒலிக்க வேண்டும்.) ஆயினும் இந்த ஒற்றுமையே ஓரிடத்தில் நம்மை ஏமாற்றும். 'சென்னையில் வசிக்கிறேன்' என்பதற்கு நான் பல வாரங்கள் 'சென்னை தெ சுந்தெ இமாஸ்' என்றே சொல்லிவந்தேன்; அது தவறு, 'சென்னை நி சுந்தெ இமாஸ்' என்பதே சரி. நம்முடைய ஒரே 'இல்' அங்கே இரண்டாகப் பிரிகிறது: வாசித்தல், உண்ணுதல் போன்ற செயல் நடக்கும் இடத்திற்குத் 'தெ', இருத்தலுக்கும் வசித்தலுக்கும் 'நி'. ஆகவே அட்டையில் வினைச்சொல்லைத் தனியாக எழுதாமல், அது ஏற்கும் உருபோடு சேர்த்து 'நி சுந்தெ இமாஸ்', 'தெ ஹதரகிமாஸ்' (வேலை செய்கிறேன்) என்றே எழுதுங்கள்.

இரண்டு மாதம் கழித்து, 'நிலையத்தில் டாக்சி இருக்கிறது', 'நிலையத்தில் சாப்பிடுகிறேன்' என்னும் இரண்டையும் அட்டையைப் பாராமல் சொல்லிப் பாருங்கள். முன்னதில் 'எகி நி', பின்னதில் 'எகி தெ' என்று யோசிக்காமல் வந்தால் அடுத்த எழுத்து வரிசையான கதகானாவைத் தொடங்கலாம். வராவிட்டால் இன்னும் இரண்டு வாரம் இதே வினைகளோடு இருங்கள்.